புதுப்பிப்பு: கடிதத்தில் 25,000, கைக்கு எவ்வளவு?

என் பழைய கேள்வி: "இளநிலைக் கணக்காளர் வேலை. மாதம் 25,000, ஆறு மாதம் தகுதிகாண் காலம். வேலைக் கடிதத்தில் கையெழுத்திடலாமா?"

இங்கே ஒரு அக்கா சொன்னபடி சம்பளப் பிரிப்புத் தாளைக் கேட்டு வாங்கினேன். அடிப்படைச் சம்பளம் 12,500. அதில் 12 சதவீதமான 1,500 நிறுவனத்தின் வைப்புநிதிப் பங்கு. அதையும் 25,000-க்குள்ளேயே அடக்கியிருக்கிறார்கள். என் பங்கு 1,500-உம் போனால் கைக்கு 22,000, தொழில் வரி தனி. தகுதிகாண் காலத்தில் வைப்புநிதி கிடையாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆனால் இந்த நிறுவனத்தில் முதல் மாதமே பிடிக்கிறார்கள்.

சேரும் தேதியைப் பழைய இடத்தில் விடுவிக்கும் நாளுக்குப் பிறகு மாற்றி, மின்னஞ்சலில் உறுதி வாங்கிவிட்டேன். என்னை உறுத்துவது வேறு: தகுதிகாண் காலத்தில் நான் விலகினால் 30 நாள் முன்னறிவிப்பு, அவர்கள் நீக்கினால் எதுவுமில்லை. சமமாக்கக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை கையெழுத்திடப் போவதில்லை.