ரிசல்ட் வாரத்தில் லேப்டாப் ஆஃபர் போட்டு மாட்டிக்கொண்டேன் – உங்கள் அனுபவம் என்ன?

நாமக்கல் மொபைல் கடை:
வருடத்துக்கு ஒரு ஆஃபர் காலண்டர் போட்டுவிட வேண்டும் என்று 2024 ஜனவரியில் உட்கார்ந்து எழுதினேன். பொங்கல், ஆடி, தீபாவளி எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். நான் பெரிதாக நம்பியது மே மாதத்தை. ப்ளஸ் டூ ரிசல்ட் மே 6, பத்தாம் வகுப்பு மே 10. பிள்ளை பாஸ் ஆனதும் அப்பா லேப்டாப் வாங்கித் தருவார் என்பது என் கணக்கு.

டிஸ்ட்ரிபியூட்டரிடம் 30 நாள் கடனில் 25 லேப்டாப் எடுத்தேன். 5,000 நோட்டீஸ் அடித்துப் பேப்பரோடு போட்டேன். அந்த வாரம் போன் நன்றாகவே போனது. லேப்டாப் போனது நான்கு. வந்தவர்களில் பாதிப் பேர், "சீட் எங்கே கிடைக்கும்னு தெரியலையே தம்பி, எந்த குரூப்னு தெரிஞ்சதும் வர்றோம்" என்று விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். ஜூன் முதல் வாரம் பணம் கட்ட வேண்டும், சரக்கோ அலமாரியில். கையிலிருந்து போட்டுக் கட்டினேன். அப்புறம் ஆகஸ்டில் எந்த ஆஃபரும் இல்லாமல் 19 போனது. அதற்குள் அந்த மாடலின் விலையே இறங்கியிருந்ததால் லாபம் ஒன்றும் மிஞ்சவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா? காலண்டர் எப்படிப் போடுகிறீர்கள்?

ஈரோடு ஜவுளி:
தம்பி, ரிசல்ட் வாரத்தில் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பணம் எல்லாம் ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் என்று எடுத்து வைத்தது. நீங்கள் சந்தோஷம் வரும் நாளைக் குறித்தீர்கள், பணம் வெளியே வரும் நாளைக் குறிக்கவில்லை. இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் வரை போகும். அலாட்மென்ட் கையில் வந்த பிறகுதான் கம்ப்யூட்டர் சயின்ஸா மெக்கானிக்கலா, எவ்வளவு ரேம் வேண்டும் என்ற பேச்சே.

ஜவுளியிலும் இதே கதைதான், நாள் மட்டும் வேறு. தீபாவளியைத் தேதியாக எழுதாதீர்கள், சம்பளத்துக்கு எத்தனை நாள் தள்ளி விழுகிறது என்று எழுதுங்கள். 2023-இல் நவம்பர் 12. சம்பளம், போனஸ் இரண்டும் கையில் இருந்தன, விலை கூடிய பட்டுப் புடவை நன்றாகப் போனது. 2024-இல் அக்டோபர் 31. தனியார் கம்பெனிகளில் பலருக்கு அந்த மாதச் சம்பளம் வரும் முன்பே பண்டிகை வந்துவிட்டது, போனஸை மட்டும் வைத்து வாங்கினார்கள். 2025-இல் அக்டோபர் 20. மாத ஆரம்பத்துச் சம்பளம் அதற்குள் கரைந்திருந்தது. பிள்ளைகளுக்கு எடுத்தார்கள், தங்களுக்கு எடுப்பதைப் பலர் தள்ளிவிட்டார்கள். மூன்று வருடமும் ஒரே மாதிரி சரக்கு எடுத்திருந்தால் நான் கடையைப் பூட்டியிருப்பேன். எங்களுக்குப் பெரிய ஞாயிறு எது தெரியுமா? தீபாவளிக்கு முந்தின ஞாயிறு என்று நினைக்க வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் போனஸ் போட்ட பிறகு வரும் முதல் ஞாயிறுதான்.

கோவில்பட்டி பேக் கடை:
ஈரோடு அண்ணன் சொன்னது சரி. என் பிரச்சினை ஸ்கூல் திறக்கும் தேதி. 2023-இல் ஜூன் 1 என்றார்கள், வெயிலால் 7 ஆனது, அப்புறம் பெரிய வகுப்புக்கு 12, சின்ன வகுப்புக்கு 14. நான் மே 25-லிருந்து ஒரு வாரத்துக்கு 'பேக் வாங்கினால் டிபன் பாக்ஸ் இலவசம்' போட்டிருந்தேன். ஆஃபர் முடிந்தது, கூட்டம் அதற்கப்புறம் வந்தது. வந்தவர்கள் எல்லாம் டிபன் பாக்ஸ் எங்கே என்று சண்டை. கொடுத்துத்தான் தீர வேண்டியிருந்தது.

அதிலிருந்து அரசு அறிவிக்கும் தேதி எல்லாம் என் காலண்டரில் பென்சிலில்தான். நோட்டீஸில் தேதியே போடுவதில்லை, 'ஸ்கூல் திறக்கும் நாள் வரை' என்று போடுகிறேன். டிபன் பாக்ஸை எண்ணி வாங்கி, 'ஸ்டாக் இருக்கும் வரை' என்பதையும் பெரிய எழுத்தில் சேர்த்துவிடுகிறேன்.

கரூர் விளம்பரம்:
இவ்வளவு பயம் தேவையில்லை. ரிசல்ட் தேதியைப் பரீட்சை அட்டவணையோடேயே அறிவித்துவிடுகிறார்கள். அதை வைத்து ஆறு மாதம் முன்பே ஃப்ளெக்ஸ், கேபிள் டிவி ஸ்லாட் எல்லாம் புக் பண்ணினால் ரேட் குறையும்.

கோவில்பட்டி பேக் கடை:
அறிவிப்பது உண்மைதான். ஆனால் 2023-இல் ப்ளஸ் டூ ரிசல்ட் மே 5 என்று சொல்லி, நீட் தேர்வு மே 7-இல் இருந்ததால் 8-க்குத் தள்ளினார்கள். 2025-இல் 9 என்று சொன்னது 8-ஆம் தேதியே வந்தது, பத்தாம் வகுப்பு 19-லிருந்து 16-க்கு வந்தது. ஒரு நாளுக்கு மட்டும் ஸ்லாட் எடுத்திருந்தால் அண்ணன் என்ன செய்வீர்கள்?

கரூர் விளம்பரம்:
சரி, வாரமாக எடுக்க வேண்டும். ரேட் குறையும் என்பது மட்டும் உண்மை.

தென்காசி ட்யூஷன்:
எங்களுக்கு ரிசல்ட் வாரத்தில் வேலையே இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பையன்கள் ஏப்ரலிலேயே சேர்ந்துவிடுவார்கள். மே மாதம் அட்மிஷன் ஆஃபர் போட்டு என்ன பயன் என்று யாராவது சொல்லுங்கள்.

நாமக்கல் மொபைல் கடை:
சார், நான் கேட்டது கடை விஷயம். ஆனால் உங்கள் கேள்வியிலும் அதே சிக்கல்தான் தெரிகிறது, முடிவு எடுக்கும் நாள் ரிசல்ட் நாளுக்கு முன்பே போய்விட்டது.

கும்பகோணம் பேக்கரி:
என் கடையில் ரிசல்ட் நாள் ஒரு காலைப் பொழுதுதான். ஒன்பது, ஒன்பதரைக்கு மார்க் வரும், மதியத்துக்குள் ஸ்வீட்டும் சாக்லேட்டும் காலி. அன்றைக்குத் தள்ளுபடி தேவையே இல்லை, விற்பதற்குச் சரக்கு இருந்தால் போதும். 2024 மே 10 அன்று பத்தாம் வகுப்பு ரிசல்ட்டும் அட்சய திருதியையும் ஒன்றாக வந்தன. நகைக்கடைத் தெருவில் வண்டி நுழைய முடியவில்லை, எனக்குப் பால்கோவா வர மதியம் ஆகிவிட்டது. இரண்டு நாளும் ஒன்று சேர்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை.

இன்னொன்று. அதற்கு முந்தின வருடம் '450-க்கு மேல் எடுத்தவர்களுக்குக் கேக் பாதி விலை' என்று போர்டு வைத்தேன். ஒரு அம்மா பையனோடு வந்தார், போர்டைப் பார்த்தார், பையனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து அரை கிலோ மிக்சர் மட்டும் வாங்கிப் போனார். அன்று மதியமே போர்டை எடுத்துவிட்டேன். நஷ்டக் கணக்கு பார்த்து எடுக்கவில்லை.

நாமக்கல் மொபைல் கடை:
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. நல்லவேளை, என் நோட்டீஸில் மார்க் எதுவும் போடவில்லை.

2025-இல் வேறு மாதிரி செய்தேன். மே மாதம் லேப்டாப் எடுக்கவில்லை. டெமோவுக்கு மூன்று மட்டும் வைத்து, விசாரிக்க வந்தவர்களின் பெயர், போன், எந்தப் படிப்பு என்று ஒரு நோட்டில் எழுதினேன். 64 பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொரு கவுன்சிலிங் ரவுண்டு முடிந்ததும் போன் போட்டேன், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டே சரக்கு எடுத்தேன். ஆகஸ்ட் முடிய 21 பேர் வாங்கினார்கள். நோட்டீஸ் செலவு இல்லை.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. அந்த நாட்கள் பாதி ஆடியில் விழுகின்றன. சிலர் "ஆடி போகட்டும், ஆவணியில் எடுக்கிறோம்" என்கிறார்கள். அவர்களுக்காக ஆடிப்பெருக்கு அன்று மட்டும் ஏதாவது கொடுக்கலாமா?

ஈரோடு ஜவுளி:
எங்கள் ஆடித் தள்ளுபடிக்குக் காரணம் வேறு தம்பி, தீபாவளிச் சரக்கு வரும் முன் ரேக் காலியாக வேண்டும். உங்களிடம் ரேக்கில் சரக்கே இல்லையே, எதற்குத் தள்ளுபடி? காலேஜ் திறந்துவிட்டால் அவர்களே ஆடி பார்க்காமல் வருவார்கள் என்று நினைக்கிறேன்.

கோவில்பட்டி பேக் கடை:
எங்கள் பக்கம் ஆடிப்பெருக்கில் வாங்கினால் பெருகும் என்பார்கள். அன்று ஒரு பேக் இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள். பேக் நான் தருகிறேன், ரேட் பேசிக்கொள்ளலாம்.