கோட்டுக்கும் தளத்துக்கும் 90° என்று எழுதிவிட்டு, அடுத்த கேள்வியில் மாட்டியவர்கள் உண்டா?

சாய்கோடு:
எண்கள்கூட மறக்கவில்லை. கோடு (1, 1, 1) வழியாகப் போகிறது, திசை (1, 2, 2). தளம் 2x + y − 2z = 7. முதல் பிரிவு, கோணம் காண்க. செங்குத்து வெக்டர் (2, 1, −2). புள்ளிப் பெருக்கல் போட்டால் 2 + 2 − 4 = 0. cos θ = 0, ஆகவே 90°. அடிக்கோடு போட்டு முடித்தேன்.

அடுத்த பிரிவு: "கோட்டுக்கும் தளத்துக்கும் உள்ள தூரம் காண்க."

பேனா அங்கேயே நின்றுவிட்டது. செங்குத்தாகக் குத்துகிற கோட்டுக்கு ஏது தூரம்? கேள்வித்தாளில்தான் பிழை என்று நினைத்தேன். பிறகு சும்மா (1, 1, 1)ஐத் தளத்தில் போட்டேன். −6 வந்தது, 3 ஆல் வகுத்துத் தூரம் 2 என்று எழுதினேன். மேலே இருந்த 90°ஐத் தொடவே இல்லை. ஒரே தாளில், கோடு தளத்தைக் குத்தவும் செய்கிறது, 2 அலகு தள்ளியும் நிற்கிறது!

முக்காலி:
நீங்கள் கண்டுபிடித்தது கோட்டுக்கும் செங்குத்துக்கும் உள்ள கோணம். பென்சிலை நோட்டின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். நமக்கு வேண்டியது பென்சிலுக்கும் நோட்டில் விழும் அதன் நிழலுக்கும் இடையில் உள்ளது. வெக்டர் தருவதோ நோட்டிலிருந்து நேராக மேலே நிற்கும் குச்சிக்கும் பென்சிலுக்கும் இடையில் உள்ளது. இரண்டும் சேர்ந்தால் 90°. அதனால்தான் இங்கே sin θ = |d·n| / (|d||n|). உங்கள் கணக்கில் sin θ = 0, கோடு தளத்துக்கு இணை. அப்போதுதான் தூரம் கேட்க முடியும்.

என்னை ஏமாற்றியது வேறு. நான் முதலில் போட்ட கணக்கில் தளம் z = 0, திசை (0, 1, 1). cos போட்டாலும் 45°, sin போட்டாலும் 45°. விடையும் சரியாக இருந்தது, நான் கற்றுக்கொண்டதோ தப்பு. அடுத்து திசை (2, 2, 1), தளம் 2x − y + 2z = 5 வந்தது. 4/9. நான் எழுதியது 63.6°, சரியான விடை 26.4°.

ரெட்டைத்தளம்:
இது என்ன புதுக்கதை? cosதான் சரி. எத்தனை கணக்கு போட்டிருக்கிறேன், ஒன்றுகூடத் தப்பவில்லை.

முக்காலி:
நீங்கள் போட்டவை இரண்டு தளங்களுக்கு இடையே இருக்கும். அங்கே cos சரிதான். இரண்டு செங்குத்துகளுமே அதனதன் தளத்திலிருந்து 90° விலகி நிற்பதால் கோணம் மாறுவதில்லை. இங்கே ஒன்றுதான் விலகியிருக்கிறது.

ரெட்டைத்தளம்:
சரி, கோடு என்பதைக் கவனிக்கவில்லை. ஆனாலும் cos போட்டு 90இலிருந்து கழித்தால் போதுமே, எதற்கு இன்னொரு சூத்திரம்?

வினாக்காரி:
முக்காலியின் அந்த 4/9 கணக்கை நானும் தேர்வில் கொடுத்திருக்கிறேன். பொறி வைக்கலாம் என்று கோட்டை இப்படி மாற்றினேன்: (1 − x)/2 = (y − 3)/2 = z. திசை (−2, 2, 1) என்று எடுக்க வேண்டும். தாள்களைத் திருத்தும்போதுதான் உறைத்தது. −2 போட்டால் −4 − 2 + 2 = −4. கவனிக்காமல் 2 போட்டால் 4 − 2 + 2 = 4. மட்டு எடுத்தால் இருவருக்கும் 26.4°! விடையை மட்டும் எழுதியவர்களில் யாருக்குப் புரிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

மிதவைப்புள்ளி:
எனக்கு நடந்தது நிரலில். கோடு தளத்துக்குச் செங்குத்தாக வந்த ஒரு இடத்தில் மட்டும் கோணத்துக்குப் பதில் `nan`. பார்த்தால் asinக்குள் போன எண் 1.0000000000000002. யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், asin வேண்டாம். 1ஐ ஒட்டிய எண்ணை வெட்டி 1 ஆக்கினால் `nan` போகும், ஆனால் அந்தப் பக்கத்தில் sin வளைவு ஏறக்குறையத் தட்டையாக இருப்பதால், எண்ணில் வரும் துளிப் பிழை கோணத்தில் பல மடங்காகப் பெருகும். இப்படி எழுதுங்கள்:

```
angle = atan2(abs(dot(d, n)), norm(cross(d, n)))
```

குறுக்குப் பெருக்கலின் நீளம் cos பங்கைத் தருகிறது. நீளங்களால் வகுக்கவே வேண்டாம். சொல்லப்போனால் நான் அந்த `abs`ஐயும் எடுத்துவிடுவேன். −26.4° வந்தால், திசை செங்குத்துக்கு எதிர்ப்பக்கம் போகிறது என்று தெரியும்.

வினாக்காரி:
கோட்டுக்கு எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின்? அதே கோட்டுக்குத் திசையை (2, −2, −1) என்றும் எழுதலாம். குறி வைத்தால் ஒரே கோட்டுக்கு இரண்டு விடை. என் தாளில் மதிப்பெண் கிடையாது.

மிதவைப்புள்ளி:
எனக்கு அது கோடு அல்ல, கதிர். வரும் பக்கம் தெரிந்தே ஆக வேண்டும்.

சாய்கோடு:
அந்த 2க்கு எனக்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். 90°க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும்.