பிஎம்ஐயைச் சேர்ப்பதா, விடுவதா? மெத்தட்ஸ் பகுதிக்கு உதவி தேவை

வணக்கம். புள்ளியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

தினமும் நடப்பவர்களுக்கு சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் குறைவா என்று பார்க்கும் ஆய்வு. யாரையும் நடக்கச் சொல்லவில்லை. ஒரே சமயத்தில் கேட்டும் அளந்தும் எடுத்த தரவு. நடப்பவர்கள் வயதில் இளையவர்கள், புகைப்பதும் குறைவு. அதனால் நேரடி ஒப்பீட்டில் 6 மி.மீ. இருந்த வித்தியாசம், மல்டிபிள் ரிக்ரஷனில் 4 ஆனது.

```
lm(sbp ~ walk + age + sex + smoke)
```

இதுவரை சரி. பிஎம்ஐயையும் சேர்த்தால் 2 ஆகிவிடுகிறது. நடந்ததால் எடை குறைந்து, அதனால் அழுத்தம் குறைந்திருந்தால், பிஎம்ஐயைச் சேர்த்து நடையின் பலனில் ஒரு பகுதியை நானே வெட்டிவிடுகிறேன். எடை கூடியதால் நடக்காமல் இருக்கிறார்கள் என்றாலோ அது கன்ஃபவுண்டர், சேர்த்தே ஆகவேண்டும். என் தரவில் எது முந்தியது என்று தெரியாது. பி மதிப்பைப் பார்த்து முடிவெடு என்கிறார் உடன் ஆய்வு செய்பவர். பி மதிப்புக்கு எது காரணம், எது விளைவு என்று எப்படித் தெரியும்?

இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

"வயது, பாலினம், புகைப்பழக்கம் ஆகியவை நடையோடும் ரத்த அழுத்தத்தோடும் தொடர்புடையவை என்பதால், தரவைப் பார்க்கும் முன்பே தேர்ந்தெடுத்து மாடலில் சேர்த்தோம். பிஎம்ஐ நடையின் விளைவாகவும் இருக்கலாம் என்பதால், அதைச் சேர்த்த மாடலைத் தனியாகத் தருகிறோம். உப்பின் அளவு, வருமானம் அளக்கப்படவில்லை."

இரண்டு மாடலையும் ஒரே அட்டவணையில் தரலாமா? அப்புறம், எதை முதன்மை முடிவு என்று சொல்வது?