ஸ்லைடின் கடைசி வரியில் முடிச்சு வைத்தும் யாரும் அடுத்ததற்குப் போவதில்லை, உதவி தேவை

வெள்ளவத்தைத் தையல்
நாளை மாலைக்குள் பதிவிட வேண்டும், அதனால் சுருக்கமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு முடிச்சோடு முடிந்தால் வாசிப்பவர் அடுத்ததற்குத் தள்ளிப் போவார் என்றார்கள். அப்படியே செய்தேன். மூன்றாவதோடு நின்றுவிடுகிறார்கள். எங்கே பிழை?

கொட்டாஞ்சேனை வாத்தியார்
என் உயர்தர வகுப்பிலும் இதே சிக்கல் இருந்தது. புரொஜெக்டரில் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பேன். பிள்ளைகள் தாங்களாகவே விடை தேடுவார்கள்.

மைவிழி
ஐயா, அவர் கேட்பது இன்ஸ்டாகிராம் பதிவைப் பற்றி என்று நினைக்கிறேன். தங்கச்சி, எத்தனை ஸ்லைடுகள், எதைப் பற்றியவை? கடைசி வரிகளை அப்படியே எழுதுங்கள். மூன்றாவதில் நிற்கிறார்கள் என்பது எப்படித் தெரிந்தது?

வண்ணக்கோடு
படத்தைப் பாதியில் வெட்டி, மீதி அடுத்த ஸ்லைடில் வருமாறு வையுங்கள். சேலை முந்தானை ஓரத்தில் தொடர்ந்து ஓடினால் விரல் தானாகத் தள்ளும். வேறு எதுவும் தேவையில்லை.

செங்கதிர்
இதையெல்லாம் இங்கே பலமுறை சொல்லிவிட்டேன், தேடிப் படிக்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. 1927-இல் உளவியலாளர் புளூமா சைகார்னிக் காட்டியதுதான் அடிப்படை. முடிக்காத வேலை மனத்தில் தங்கும். ஆகவே எதையும் முடிக்காதீர்கள். எல்லா ஸ்லைடுகளுக்கும் விடை கடைசியில் மட்டும் இருக்கட்டும்.

வெள்ளவத்தைத் தையல்
மன்னிக்கவும், விவரம் எழுதவில்லை. சேலை பிளவுஸ் தைப்பதில் வரும் தவறுகள், எட்டு ஸ்லைடுகள். இரண்டாவதின் முடிவில் "ஆனால் பெரிய தவறு இதுவல்ல!" மூன்றாவதில் "இதைவிடப் பெரியது காத்திருக்கிறது!" நான்காவதிலும் கிட்டத்தட்ட அதே வரிதான். மூன்றாவதில் நிற்பது, வாடிக்கையாளர் பதினொரு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

மைவிழி
இப்போது புரிகிறது. உங்கள் வரிகள் எதையும் திறந்து வைக்கவில்லை. "பெரியது காத்திருக்கிறது" என்பதைப் படித்தவர் மனத்தில் என்ன கேள்வி எழும்? ஒன்றும் எழாது. பாதி தெரிந்தால்தான் மீதியைத் தேடத் தோன்றும். அதே உத்தி இரண்டாம் முறை வந்ததும் வெறும் கூவல் என்று கண்டுகொள்கிறார்கள், அதனால்தான் மூன்றாவதில் நிற்கிறார்கள்.

இன்னொன்று, எட்டுத் தவறுகளும் தனித்தனி. ஒன்றைப் படிக்காவிட்டாலும் மற்றது புரியும். அதனால் ஒரே தவறை எடுங்கள். கையைத் தூக்கினால் பிளவுஸ் மேலே ஏறுகிறது என்று வாடிக்கையாளர் சொல்வார்கள் அல்லவா? அந்த ஸ்லைடை இப்படி முடியுங்கள்: "அக்குள் இறுக்கமாக இருக்கிறது என்று வெட்டை ஒரு அங்குலம் கீழே இறக்கினோம். பிளவுஸ் முன்பைவிடக் கூடுதலாக ஏறியது."

இங்கே கேள்விக்குறிகூட வேண்டாம். தளர்த்தினால் குறைய வேண்டியது ஏன் கூடியது என்று வாசிப்பவரே கேட்பார். அடுத்த ஸ்லைடின் முதல் வரியிலேயே விடை வர வேண்டும்: வெட்டு கீழே இறங்கினால் கையோடு சேர்ந்து பக்கத் துணியும் இழுபடும். அந்த முடிச்சை அவிழ்த்த பிறகே அடுத்ததைப் போடுங்கள்: "அப்படியானால் வெட்டை உயர்த்தினோம். இப்போது கை நுழையவில்லை."

வண்ணக்கோடு சொன்னது முதல் தள்ளலுக்கு உதவும். ஐந்தாவதற்குக் கொண்டுபோகாது. செங்கதிர் ஐயா, சைகார்னிக் பேசியது நினைவில் தங்குவதைப் பற்றி. விட்ட வேலையைத் திரும்ப எடுக்கும் உந்துதலை 1928-இல் ஆராய்ந்தவர் மரியா ஓவ்சியன்கினா. நமக்கு வேண்டியது அதற்குத்தான் நெருக்கம். எட்டாவது வரை விடையைப் பூட்டி வைத்தால் வாசிப்பவர் பொறுமை இழப்பார்.

செங்கதிர்
வாரப் பத்திரிகையில் "தொடரும்" போட்டபோது வாசகர் ஏழு நாள் காத்திருந்தார்கள். பொறுமை இல்லை என்பதை ஏற்க மாட்டேன்.

பம்பலப்பிட்டி வாசகி
அந்தத் தொடருக்குக் காசு கொடுத்து வாங்கினோம் ஐயா. இங்கே விலையைக்கூடக் கடைசி ஸ்லைடில் ஒளித்து வைக்கிறார்கள். அக்கா, தையற்கூலியை மட்டும் முடிச்சாக்காதீர்கள். நான் அப்படிப்பட்ட கடைகளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

வண்ணக்கோடு
விலையை முதலில் போட்டால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். என் அனுபவம் அது.

பம்பலப்பிட்டி வாசகி
வருபவர்கள் வாங்கத்தான் வருவார்கள். அது போதாதா?

மைவிழி
விலையைப் பற்றி நீங்கள் இருவரும் தனியாகப் பேசலாம். தங்கச்சி, ஒன்றை மறந்துவிட்டேன். தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே பதிவை இரண்டாம் ஸ்லைடிலிருந்து மறுபடி காட்டும். அதனால் முதலாவதைப் பார்க்காதவருக்கும் இரண்டாவது புரிய வேண்டும். பதிவிடும் முன் வீட்டில் ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒவ்வொரு ஸ்லைடிலும் நிறுத்தி "அடுத்து என்ன வரும்?" என்று கேளுங்கள். "ஏதோ வரும்" என்றால் அந்த வரியை மாற்றுங்கள்.

வெள்ளவத்தைத் தையல்
மாமியிடம் கொடுத்துப் பார்த்தேன். அக்குள் வரியில் "ஏன் கூடியது?" என்று அவரே கேட்டார். ஐந்து ஸ்லைடுகளாகக் குறைத்துப் பதிவிட்டுவிட்டேன். நான்காவதில் மட்டும் "ஏதோ வரும்" என்றார், அதை மாற்ற நேரம் கிடைக்கவில்லை. நன்றி, கடைக்கு ஆள் வந்துவிட்டது.