ஓ.ஏ.இ. சோதனையில் இடது காது 'ரெஃபர்', ஆனால் இசைக்கவைச் சத்தம் அந்தக் காதில்தான் கூடக் கேட்கிறதாம். எப்படி?

டிக்கோயா_அம்மா

மகளுக்கு ஒன்பது வயது. தடிமன் வந்து மாறிய பிறகு இடது காது அடைத்தது போல் இருக்கிறது என்கிறாள். டீவியைச் சத்தமாக வைக்கிறாள், வலி இல்லை. கண்டியில் காது கிளினிக்குக்குக் காலையில் பஸ்ஸில் இறங்கிப் போய், மூன்று சோதனை செய்துகொண்டு வந்தோம். கூட்டம் அதிகம், விளக்கம் கேட்க நேரம் கிடைக்கவில்லை. ரிப்போர்ட்டில் இருப்பது:

செவிப்பறை அசைவைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி: வலது டைப் ஏ, அதாவது சாதாரணக் கோடு, கொள்ளளவு 0.8 மில்லிலீட்டர். இடது டைப் பி, கொள்ளளவு 0.7, உச்சி இல்லை, கோடு தட்டை.
ஓ.ஏ.இ.: வலது பாஸ், இடது ரெஃபர்.
512 ஹேர்ட்ஸ் இசைக்கவை: ரின்னே வலது பொசிட்டிவ், இடது நெகட்டிவ். வெபர் இடது பக்கம்.

ரெஃபர் என்றால் நரம்பு போய்விட்டதா? அப்படியென்றால் நெற்றியில் கவையை வைத்தபோது இடது காதில்தான் நன்றாகக் கேட்கிறது என்று ஏன் சொன்னாள்? பிள்ளை மாற்றிச் சொல்லிவிட்டாளோ என்று சந்தேகமாக இருக்கிறது.

கம்பளை_ரவி

அக்கா, ஓ.ஏ.இ. பார்ப்பது உட்செவியைத்தான். அதில் ரெஃபர் வந்தால் உட்செவியில் பிரச்சினை. இசைக்கவை பழைய காலத்து முறை, பிள்ளை சொல்வதை நம்பித்தான் முடிவு எழுதுகிறார்கள். மெஷின் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஹட்டன் பக்கத்திலிருந்து கண்டிக்கு இறங்கினால் எல்லோருக்கும் காது அடைக்கும். தட்டைக் கோடு அதனால்கூட வந்திருக்கலாம்.

ஃபெக்டரி_மாமா

எனக்கும் இதே கதைதான். தேயிலை ஃபெக்டரியில் ரோலர் பக்கத்திலேயே காலம் போய்விட்டது. இரண்டு காதிலும் 'ங்ஙீ' என்று இரைச்சல். இசைக்கவை வைத்துப் பார்த்து எல்லாம் சரி என்று அனுப்பினார்கள். பிறகு வேறு இடத்தில் ஓ.ஏ.இ. செய்தபோது 4000 ஹேர்ட்ஸ் பக்கம் ஒன்றும் வரவில்லை என்றார்கள். டிம்பனோமெட்ரி இரண்டு பக்கமும் டைப் ஏ. ஆகவே மெஷின்தான் சரி, தம்பி ரவி சொல்வது உண்மை.

செவிச்சோதனைக்காரன்

டிக்கோயா அக்கா, பிள்ளை மாற்றிச் சொல்லவில்லை. நீங்களே இப்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதுக்குப் போகும். எலும்பு வழியாக வரும் ஒலி அந்தக் காதிலிருந்து வெளியே கசிய வழி இல்லை, அறையின் இரைச்சலும் உள்ளே போய்க் குழப்பாது. மகளுக்கு நடந்ததும் இதுதான், விரலுக்குப் பதில் நடுச்செவி அடைத்திருக்கிறது.

ரின்னே நெகட்டிவ் சொல்வதும் இதையேதான். காதுக்கு முன்னால் பிடித்த கவையைவிடக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்த கவை கூடக் கேட்டிருக்கிறது. ஆனால் ரின்னே தனியாக ஏமாற்றும். ஒரு காது முற்றாகச் செத்திருந்தாலும் எலும்பு வழி வரும் ஒலி மண்டையைத் தாண்டி அடுத்த காதுக்குப் போய், 'கேட்கிறது' என்று சொல்ல வைத்துவிடும். அப்படியான காதில் வெபர் நல்ல காதுப் பக்கம் போயிருக்கும். இங்கே இடதுக்கே வந்திருப்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. இடது உட்செவியின் நத்தைச்சுருள் வேலை செய்கிறது என்பதற்கு இப்போதைக்கு இதுதான் நம்மிடம் உள்ள நல்ல சாட்சி. சிறிய குறைபாடு ஒன்று மறைந்திருந்தால் அதைக் கவையால் பிடிக்க முடியாது.

ரவி, ஓ.ஏ.இ. பார்ப்பது உட்செவியின் வெளி மயிர்க்கலங்களை என்பது சரி. ஆனால் கருவியின் நுனி காதுத் துவாரத்தில்தானே இருக்கிறது? அது போடும் 'டிக்' சத்தம் நடுச்செவியைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அங்கே பிறக்கும் மிகச் சிறிய எதிரொலி மறுபடியும் நடுச்செவியைத் தாண்டி வெளியே வர வேண்டும். நடுவில் நீர் நின்றால் இரண்டு பயணமும் கெடும். ஆகவே டைப் பி இருக்கும் காதில் வரும் ரெஃபரை வைத்து உட்செவியைப் பற்றி நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. நரம்பைப் பற்றி அது எப்போதுமே பேசாது. ஓ.ஏ.இ. பாஸ் ஆகியும் நரம்பில் கோளாறு உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாமா, உங்கள் காது வேறு வகை. ரோலர் இரைச்சல் முதலில் கெடுப்பது 4000 பக்கத்து மயிர்க்கலங்களை. 512 கவைக்கு அந்த இடம் தெரியாது. நடுச்செவி நன்றாக இருப்பதால் ரின்னேயும் பொசிட்டிவாகத்தான் வரும், டைப் ஏயும் வரும். உங்கள் காதில் ஓ.ஏ.இ.யை நம்பலாம், ஏனென்றால் வழி திறந்திருக்கிறது. பிள்ளையின் காதில் வழி அடைத்திருக்கிறது.

டிக்கோயா_அம்மா

இப்போது புரிகிறது. அப்படியென்றால் காதில் நீர் என்பது உறுதியா? செவிப்பறையில் ஓட்டை, இல்லாவிட்டால் குறும்பி அடைப்பு இருந்தாலும் தட்டைக் கோடு வரும் என்று தெரிந்த ஒரு மிஸ் சொன்னார்.

செவிச்சோதனைக்காரன்

மிஸ் சொன்னது சரி. அதைப் பிரிக்கத்தான் கொள்ளளவு எண். ஓட்டை இருந்தால் கருவி நடுச்செவி இடத்தையும் சேர்த்து அளந்து, இந்த வயதில் 2 மில்லிலீட்டருக்கு மேலேகூடக் காட்டும். குறும்பி அடைத்தாலோ நுனி துவாரச் சுவரில் முட்டினாலோ 0.2, 0.3 என்று இறங்கிவிடும். மகளுக்கு 0.7, வலது காதுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே செவிப்பறை முழுதாக இருக்கிறது, ஆனால் அசையவில்லை. தடிமனுக்குப் பிறகு இந்த வயதில் என்றால் முதலில் நினைப்பது நீரைத்தான். டொக்டர் ஒளி போட்டுச் செவிப்பறையைப் பார்த்து எழுதியிருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கம்பளை_ரவி

பஸ் விஷயத்துக்குப் பதில் வரவில்லையே அண்ணே.

செவிச்சோதனைக்காரன்

அது நல்ல கேள்வி. சாதாரணமாக இறக்கத்தில் காது அடைத்தால் நடுச்செவி அழுத்தம் குறையும். அப்போது உச்சி இருக்கும், ஆனால் வரைபடத்தில் அழுத்தம் குறைந்த பக்கமாகத் தள்ளிப் போயிருக்கும், அது டைப் சி. மலையில் இருப்பதாலேயே கருவி தவறாகக் காட்டாது, சோதனை செய்யும் இடத்து அழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டால் ஒரு சிக்கல். ஹட்டனுக்கும் கண்டிக்கும் உயரத்தில் 750 மீட்டருக்கு மேல் வித்தியாசம். வழியில் காது ஒருதரம்கூடத் திறக்காவிட்டால் அழுத்த வித்தியாசம் 800 டெகாபாஸ்கல் பக்கம் வரும். பல கருவிகள் +200இலிருந்து −400 வரைதான் தேடும். உச்சி அதற்கு வெளியே இருந்தால் கோடு தட்டையாகத்தான் தெரியும். எச்சில் விழுங்கும்போது கொஞ்சமாவது திறக்கும், அவ்வளவு வித்தியாசம் நின்றால் வலியும் நன்றாக இருக்கும். பிள்ளைக்கு வலி இல்லை, அடைப்பும் பயணத்துக்கு முன்பே இருந்தது. நான் நீர் என்ற பக்கம்தான், ஆனால் பஸ்ஸை முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். இறங்கும்போது நீரோடு அழுத்தமும் சேர்ந்திருக்கலாம். அடுத்த முறை முடிந்தால் டிக்கோயா பக்கத்திலேயே டிம்பனோமெட்ரி செய்யப் பாருங்கள்.

ஃபெக்டரி_மாமா

அப்போ என் இரைச்சலுக்கு என்ன செய்வது?

செவிச்சோதனைக்காரன்

மாமா, அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

அக்கா, இந்த மூன்றில் ஒன்றுகூடப் பிள்ளைக்கு எவ்வளவு கேட்கிறது என்று சொல்லாது. ஒன்பது வயது என்பதால் ஒடியோகிராம் தாராளமாகச் செய்யலாம், காற்று வழியும் எலும்பு வழியும் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். எலும்பு வழிக் கோடு நன்றாக இருந்தால் உட்செவிப் பயம் பெரும்பாலும் தீரும், நீர் வடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்படித் தேங்கும் நீர் பெரும்பாலும் தானாகவே போகும். மூன்று மாதம் பார்த்துவிட்டு, நிற்குமானால்தான் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். கோடு ஏ ஆன பிறகு ஓ.ஏ.இ.யை மறுபடி செய்யச் சொல்லுங்கள். அப்போதும் ரெஃபர் வந்தால் அதற்கு அர்த்தம் வேறு, உடனே காட்ட வேண்டும்.

டிக்கோயா_அம்மா

சரி தம்பி. அடுத்த கிளினிக்கில் ஒடியோகிராம் கேட்கிறேன். வகுப்பில் வலது காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி மாற்றி உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன், அது சரிதானே?

செவிச்சோதனைக்காரன்

சரிதான். முன் வரிசையாக இருந்தால் இன்னும் நல்லது.