திறப்பு 45%, கிளிக் 1%: எந்த எண்ணை நம்புவது?

வணக்கம். ஒரு செய்திமடல் 9,800 பேருக்குப் போய்ச் சேர்ந்தது. திறப்பு 4,410 (45%), கிளிக் செய்தவர்கள் 98 பேர் (1%), விலகியவர்கள் 49 பேர் (0.5%).

திறப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மடலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் இறங்கினால்தான் திறப்பு பதிவாகும். 2021இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் தொடாமலே அந்தப் படத்தை இறக்கிவிடுகிறது. அந்தச் செயலியில் படிப்பவர்களை ஒதுக்கிப் பார்த்தால் திறப்பு 22%தான். தலைப்பு வரியை எடைபோட இந்த எண்ணே உதவும்.

என் குழப்பம் கிளிக்கில். 98 பேரில் 30 பேருடைய கிளிக்குகள், மடல் சேர்ந்த சில நொடிகளில் எல்லா இணைப்புகளிலும் வரிசையாக விழுந்திருக்கின்றன. எல்லாமே அலுவலக முகவரிகள். அங்குள்ள பாதுகாப்பு மென்பொருள் இணைப்புகளைச் சோதித்திருக்க வேண்டும். அவற்றைக் கழித்தால் 68, அதாவது 0.7%.

விலகும் இணைப்பும் ஒரே கிளிக்கில் பெயரை நீக்கிவிடும் வகை. அப்படியென்றால் 49 பேரில் சிலரை அதே மென்பொருள்தான் நீக்கியிருக்குமோ? 'விலக உறுதியா?' என்று பொத்தான் வைத்த பக்கம் சேர்த்தால் போதுமா? அந்தக் கூடுதல் படியில் சலித்து, உண்மையில் விலக நினைப்பவர் ஸ்பேம் என்று அழுத்திவிடுவாரா? இரண்டு முறையையும் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.