பாரசீகக் 'கெ': எங்கே வெட்டுவது, எங்கே கை வைக்கக் கூடாது?

வாசுகி:
ஈரானிலிருந்து வந்த ஒரு வாடகைத் தகராறு மனுவை ஆங்கிலமாக்குகிறேன். தொடர்களை இணைக்கும் 'கெ' என்ற சொல் ஒரே வாக்கியத்தில் ஏழு முறை வருகிறது. அப்படியே கொண்டுபோனால் ஆங்கிலத்தில் மூச்சு முட்டுகிறது. வெட்டினால் பொருள் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எந்தக் 'கெ'யில் வெட்டலாம்? ஆள் பெயரை மட்டும் 'ஃபொலானீ' (இன்னார்) என்று மாற்றியிருக்கிறேன்:

"பெ எஸ்தெஹ்ஸார் மீ-ரெசானத் கெ ஈன்ஜானெப் கெ அஸ் சால்-எ 1390 மொஸ்தாஜெர்-எ வாஹெதீ ஹஸ்தம் கெ மாலெக்-எ ஆன் ஆகா-யெ ஃபொலானீ அஸ்த், தர் 12 மெஹ்ர் நாமெ-ஈ தர்யாஃப்த் கர்தம் கெ தர் ஆன் கொஃப்தெ ஷொதெ பூத் கெ பாயத் தா பாயான்-எ மாஹ் வாஹெத் ரா தக்லியெ கொனம், கெ ஈன் பா கரார்தாதீ கெ எம்ஸா கர்தெ-ஈம் மொகாயெரத் தாரத்."

கார்த்திக்:
எளிமையான வழி ஒன்று இருக்கிறது. 'கெ'க்கு முன்னால் காற்புள்ளி இருந்தால் அது கூடுதல் தகவல், அங்கே முற்றுப்புள்ளி வைக்கலாம். காற்புள்ளி இல்லாவிட்டால் முன்னால் உள்ள பெயரோடு ஒட்டியது, தொடக் கூடாது. உங்கள் வாக்கியத்தில் 'கெ ஈன்' என்ற இடத்தில் மட்டும்தான் காற்புள்ளி இருக்கிறது. அங்கே ஒரே ஒரு வெட்டு போதும்.

ரஹீம்:
கார்த்திக் தம்பி, அந்த ஓர் இடத்தில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் பாரசீகத்தில் காற்புள்ளியை நம்பி இறங்காதீர்கள். அது ஐரோப்பிய அச்சு முறையைப் பார்த்துப் பிற்காலத்தில் வந்த பழக்கம். கையால் எழுதும் மனுக்களில் அது இல்லாமலே ஒரு பக்கம் ஓடும். இந்த வாக்கியத்திலேயே 'ஈன்ஜானெப் கெ' என்ற இடத்தில் காற்புள்ளி இல்லை. ஆனால் அது கூடுதல் தகவல்தான். 'ஈன்ஜானெப்' என்றால் மனு எழுதுகிற நான். நான் யார் என்று பிரித்துக் காட்ட வேண்டிய தேவையே அங்கே இல்லையே.

வாசுகி, 'கெ'யை எண்ணுவதற்கு முன்னால் முற்றுவினைகளை அடிக்கோடிடுங்கள். பாரசீகத்தில் வினை பெரும்பாலும் கடைசியில் வரும். அதனால் ஒரு 'கெ' திறந்த கதவு எங்கே மூடுகிறது என்பதை வினைதான் காட்டும். மீ-ரெசானத், ஹஸ்தம், அஸ்த், தர்யாஃப்த் கர்தம், கொஃப்தெ ஷொதெ பூத், பாயத்… கொனம், எம்ஸா கர்தெ-ஈம், மொகாயெரத் தாரத். எட்டு வினை, ஏழு 'கெ'. முதல் வினை தலைமை, மற்ற ஒவ்வொன்றும் ஒரு 'கெ'க்குச் சொந்தம். கணக்கு சரியாக வருகிறது.

இப்போது முதல் 'கெ'யைப் பாருங்கள். அதன் வினை 'தர்யாஃப்த் கர்தம்', அதாவது 'பெற்றேன்'. 'ஈன்ஜானெப்'புக்கும் அந்த வினைக்கும் நடுவில் இன்னும் இரண்டு 'கெ' புகுந்து முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு 'கெ'யிலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் 'நான்' என்ற எழுவாய் வினை இல்லாமல் நின்றுவிடும். மொழிபெயர்ப்பில் வாக்கியம் பாதியில் அறுந்து கிடந்தால் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

அப்புறம், இன்னொரு அடையாளம். 'கெ மாலெக்-எ ஆன்', 'கெ தர் ஆன்' என்று இரண்டு இடத்தில் 'ஆன்' வருகிறது. 'அதன் உரிமையாளர்', 'அதில்' என்று பொருள். முன்னால் போன பெயரைச் சுட்டும் சொல்லைப் பாரசீகமே உள்ளே வைத்துத் தருகிறது. 'கெ'யை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தால் அடுத்த வாக்கியம் தானாகவே நிற்கும்.

வெட்டிய பிறகு ஆங்கிலத்தில் வர வேண்டியதன் பொருளைத் தமிழில் சொல்கிறேன்: "1390 முதல் நான் ஒரு குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறேன். அதன் உரிமையாளர் திரு. இன்னார். மெஹ்ர் 12 அன்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. மாத இறுதிக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது. இது நாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு முரணானது." மொத்தம் ஐந்து. முதல் 'கெ' மனுவின் முகவுரைச் சடங்கு. அதைத் தனியாக 'தங்கள் கவனத்துக்கு' என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வெட்டாமல் விட்டவை இரண்டு. 'கொஃப்தெ ஷொதெ பூத் கெ' என்பதில் வெட்டினால் 'காலி செய்ய வேண்டும்' என்பது கடிதத்தின் பேச்சாக இல்லாமல், மனுதாரரே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும். 'கரார்தாதீ கெ' என்பதில் ஈற்றில் உள்ள 'ஈ'யைக் கவனியுங்கள். எந்த ஒப்பந்தம் என்றால், கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தம். அதைப் பிரித்தால் வெறும் 'ஒப்பந்தம்' மிஞ்சும், எது என்று தெரியாது. 1390 என்பது ஈரானிய ஆண்டு, 2011 மார்ச்சில் தொடங்குவது. அதை மாற்றிப் போட மறக்காதீர்கள்.

தமயந்தி:
இதற்கு ஏன் இவ்வளவு சிரமம்? 'நாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்' என்று பெயரெச்சம் போட்டால் எல்லாமே பெயருக்கு முன்னால் போய்விடும். 'என்று' ஒன்றை வைத்து மீதியைக் கோர்த்துவிடலாம். நான் ஈரானியச் சிறுகதைகளைத் தமிழில் கொண்டுவரும்போது அப்படித்தான் செய்கிறேன். வெட்டே தேவைப்பட்டதில்லை.

வாசுகி:
அக்கா, நான் போவது ஆங்கிலத்துக்கு. அங்கே இந்தத் தொடர்கள் பெயருக்குப் பின்னால்தான் நிற்கும், அதனால்தான் வால் நீண்டுகொண்டே போகிறது.

தமயந்தி:
ஓ, சரி, அதைக் கவனிக்கவில்லை. ஆனாலும் கதையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "ஹனூஸ் நனெஷஸ்தெ பூதம் கெ தர் ஸதந்த்." இன்னும் உட்காரக்கூட இல்லை, அதற்குள் கதவைத் தட்டினார்கள். இந்தக் 'கெ' பெயரையும் தழுவவில்லை, பேச்சையும் தழுவவில்லை. அந்த 'அதற்குள்'தான் அது. இதை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாக்கிய ஒரு வரைவைப் பார்த்தேன்: உட்காரவில்லை, முற்றுப்புள்ளி, கதவைத் தட்டினார்கள், முற்றுப்புள்ளி. திடுக்கிடல் அப்படியே செத்துப்போயிற்று. இந்த இடத்தில் எந்த மொழிக்குப் போனாலும் வெட்டக் கூடாது.

சட்டமொழி:
நான் நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்க்கிறவன். ரஹீம் பாயின் பாகுபாட்டை ஏற்கிறேன், வெட்டை ஏற்கவில்லை. 'கெ ஈன்' என்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஈன்', அதாவது 'இது', எதைச் சுட்டுகிறது? காலி செய்யச் சொன்னதையா, மாத இறுதி என்ற கெடுவையா, கடிதம் அனுப்பியதையேவா? பாரசீகத்தில் அது திறந்தே இருக்கிறது. முற்றுப்புள்ளி வைத்து ஆங்கிலத்தில் புது வாக்கியம் தொடங்கினால் வெறும் 'திஸ்' மொட்டையாக நிற்கும். உடனே திருத்துபவர் 'இந்தக் கோரிக்கை' என்று ஒரு பெயரைச் சேர்ப்பார். அந்தப் பெயர் மனுதாரர் சொல்லாதது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். 'விச்' என்று இழுத்துக்கொண்டு போனால் அந்தத் தெளிவின்மை அப்படியே ஆங்கிலத்திலும் இருக்கும். அழகு போகட்டும்.

இன்னொன்று. பெயருக்கும் 'கெ'க்கும் நடுவில் வினை வந்துவிட்டால் முன்பகுதி தனியாக நிற்கும், வெட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். "கஸீ நபூத் கெ கொமக் கொனத்." உதவி செய்ய யாரும் இல்லை. நடுவில் 'நபூத்' இருக்கிறது. வெட்டுங்கள் பார்ப்போம்: 'யாரும் இல்லை. உதவுவார்.' நாசம்.

ரஹீம்:
அது உண்மை, நான் சொல்லாமல் விட்டது. எதிர்மறை வினை இருந்தாலோ, 'கெ'க்குப் பின் 'கொனத்' போல விருப்ப வினை வந்தாலோ வெட்டக் கூடாது. அங்கே நடந்த சங்கதி இல்லை, நடக்க வேண்டியதோ நடக்காததோதான் இருக்கிறது. "நாமெ-ஈ தர்யாஃப்த் கர்தம் கெ" என்பது நடந்த சங்கதி, அதனால் வெட்டு தாங்குகிறது.

'விச்' விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன் ஐயா. இவ்வளவு நீண்ட வாக்கியத்தின் கடைசியில் 'விச்' வந்தால் ஆங்கில வாசகர் அதைப் பக்கத்தில் இருக்கும் பெயரோடு ஒட்டிவிடுவார். இங்கே பக்கத்தில் இருப்பது குடியிருப்பு. குடியிருப்பு ஒப்பந்தத்துக்கு முரணானது என்று படிப்பார். அது தெளிவின்மையைக் காப்பது இல்லை, புதுத் தவறு. வெறும் 'திஸ்'ஸோடு வெட்டி, பெயர் எதுவும் சேர்க்காமல் விட்டால் மூலத்தில் இருக்கிற அதே திறப்பு இருக்கும்.

சட்டமொழி:
நீங்கள் பெயர் சேர்க்காமல் விடுவீர்கள். உங்களுக்குப் பின்னால் திருத்துபவர் விட மாட்டார். நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

கார்த்திக்:
பாய், வினைக் கணக்கு எப்போதும் சரியாக வருமா? நேற்று ஒரு உரையாடலில் பார்த்தேன், 'கெ' ஒன்று அதிகமாக இருந்தது.

ரஹீம்:
வராது, அதைச் சொன்னது நல்லது. "மன் கெ நெமீதானம்" என்றால் 'எனக்குத் தெரியாதுப்பா' என்ற அழுத்தம்தான். அந்தக் 'கெ' எதையும் இணைக்கவில்லை, ஆனால் எண்ணிக்கையில் ஏறிவிடும். பேச்சில் "பொரோ கெ தீர் ஷொத்" என்பார்கள். 'போ, நேரமாச்சு.' அங்கே 'கெ' காரணம். தமிழில் அதைச் சொல்லவே வேண்டாம், ஆங்கிலத்தில் இரண்டு குறு வாக்கியம் அழகாக நிற்கும். கணக்கு ஒத்துவராவிட்டால் இப்படி ஒரு 'கெ' இருக்கிறதா என்று தேடுங்கள், அவ்வளவுதான்.

வாசுகி:
அனைவருக்கும் நன்றி. ஐந்து வாக்கியமாக வைத்துக்கொண்டேன், 'திஸ்' வெறுமையாகவே இருக்கிறது. ஆனால் அதே மனுவில் அடுத்த வரி என்னைத் தூங்கவிடவில்லை: "பராதரம் கொஃப்த் கெ மன் எம்ஸா நகர்தம்." சொல்லுக்குச் சொல் 'அண்ணன் சொன்னார், நான் கையெழுத்துப் போடவில்லை' என்று வருகிறது. கையெழுத்துப் போடாதது அண்ணனா, மனுதாரரா?

ரஹீம்:
இரண்டும் சாத்தியம் அம்மா. பாரசீகம் 'கொஃப்த் கெ'க்குப் பின்னால் சொன்னவரின் வார்த்தையை அப்படியே, 'நான்' என்றே வைக்கலாம். அப்படியானால் போடாதவர் அண்ணன். இல்லையென்றால் மனுதாரர். மேற்கோள் குறி இருந்தால் தெரிந்திருக்கும். இங்கே இலக்கணம் உதவாது. ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

வாசுகி:
இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

சட்டமொழி:
அப்படியானால் எந்தப் பக்கமும் சாயாதீர்கள். மனுதாரரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வரும் வரை இரண்டு பொருளையும் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகப் போடுங்கள்.

ரஹீம்:
இதில் ஐயா சொல்வதுதான் சரி. ஆனால் குறிப்பில் அண்ணனின் வாசகத்தை முதலில் போடுங்கள். இப்படிப்பட்ட எழுத்தில் அந்தப் பொருளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சட்டமொழி:
வரிசையே ஒரு சாய்வுதான் பாய். அதிலும் உடன்படவில்லை.